மேடு பள்ளத்தில் அணைந்துபோகும் மின் சைக்கிள்: கோளாறைத் தேடிப் பிடிக்கும் வழி

நேரான சாலையில் மின் சைக்கிள் ஒழுங்காக ஓடுகிறது. ஒரு வேகத்தடையோ குழியோ வந்தால் மோட்டார் நின்றுவிடுகிறது. சில சமயம் அரை நொடியில் தானாகத் திரும்பி வருகிறது, சில சமயம் பொத்தானை அழுத்தித் திரும்ப எழுப்ப வேண்டியிருக்கிறது. இப்படி வரும் சைக்கிள்களில் பெரும்பாலும் எந்தப் பாகமும் செத்துப்போயிருக்காது. எங்கோ ஒரு உலோகம் இன்னொரு உலோகத்தைச் சரியாகத் தொடவில்லை, அவ்வளவுதான். ஆனால் அந்த இடத்தைக் கண்டுபிடிக்காமல் முதலில் த்ராட்டில், அப்புறம் கண்ட்ரோலர், அப்புறம் பேட்டரி என்று ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டே போனால் பணம்தான் கரையும்.

எந்தக் கருவியையும் கையில் எடுப்பதற்கு முன் ஒரே ஒரு கேள்விக்குப் பதில் வேண்டும். மோட்டார் நிற்கும் அந்தக் கணத்தில் டிஸ்ப்ளே என்ன செய்கிறது? அதுவும் சேர்ந்து அணைகிறதா, இல்லை எரிந்துகொண்டே இருக்கிறதா?

டிஸ்ப்ளேயும் அணைந்தால், பேட்டரியிலிருந்து கண்ட்ரோலருக்கு வரும் பெரிய மின்பாதையில் எங்கோ அறுகிறது. டிஸ்ப்ளே எரிந்துகொண்டே இருக்க மோட்டார் மட்டும் நின்றால், மின்சாரம் வருகிறது, ஆனால் கண்ட்ரோலருக்குப் போகும் ஏதோ ஒரு சிக்னல் கெடுகிறது: த்ராட்டில், பிரேக் சென்சார், அல்லது மோட்டார் கேபிள். இந்த ஒரு பிரிவே பாதி வேலையை முடித்துவிடும். ஓட்டும்போது டிஸ்ப்ளேயைப் பார்த்துக்கொண்டே குழியில் இறங்குவது ஆபத்து. போன் கேமராவை ஹேண்டில்பாரில் கட்டி டிஸ்ப்ளேயைப் படமெடுத்துவிட்டு, வீட்டுக்கு வந்து அந்த வீடியோவை மெதுவாக ஓட்டிப் பாருங்கள். அணைந்தது, கோளாறு எண் ஒன்று மின்னியது, பிரேக் குறி எரிந்தது எல்லாம் அதில் தெரிந்துவிடும்.

த்ராட்டில் மேல் விழும் வீண் பழி

"த்ராட்டிலைப் பிடித்திருந்தால்தான் நிற்கிறது. சும்மா உருட்டிக்கொண்டு போனால் எத்தனை குழியில் விழுந்தாலும் ஒன்றும் ஆவதில்லை. அப்படியென்றால் கோளாறு த்ராட்டிலில்தானே?" அடிக்கடி கேட்கும் வாதம் இது. நியாயமாகத்தான் படும். ஆனால் தப்பு.

கண்ட்ரோலருக்குள் பேட்டரி மின்சாரம் நுழையும் இடத்தில் பெரிய கெபாசிட்டர்கள் இருக்கும். எல்லாம் சேர்த்து சுமார் 1000 மைக்ரோஃபாரட் என்று வைத்துக்கொள்வோம். பேட்டரி தொடர்பு ஒரு கணம் விட்டுப்போனால், அந்த இடைவெளியில் கண்ட்ரோலரைத் தாங்குவது இந்தக் கெபாசிட்டரில் தேங்கிய மின்சாரம்தான். மோட்டார் ஓடாதபோது டிஸ்ப்ளேக்கும் சில்லறை வேலைகளுக்கும் 0.03 ஆம்பியர் போனாலே அதிகம். அந்தக் கணக்கில் மின்னழுத்தம் 50 வோல்ட்டிலிருந்து 40-க்கு இறங்க நொடியில் மூன்றில் ஒரு பங்கு ஆகும். குழியில் விழும்போது தொடர்பு விடுவது சில மில்லி நொடிகள்தான் என்பதால் யாருக்கும் எதுவும் தெரியாது.

அதே குழியில் த்ராட்டிலைத் திருகி 15 ஆம்பியர் இழுத்துக்கொண்டிருக்கும்போது விழுந்தால், அதே 10 வோல்ட் இறக்கம் ஒரு மில்லி நொடிக்குள் முடிந்துவிடும். கண்ட்ரோலர் 'பேட்டரி தீர்ந்தது' என்று நினைத்து நிற்கும், அல்லது மொத்தமாக அணையும். ஆக, பேட்டரி தொடர்பு தளர்ந்திருந்தாலும் அறிகுறி த்ராட்டிலைப் பிடித்திருக்கும்போது மட்டும்தான் தலைகாட்டும்.

இதிலிருந்து இரண்டு விஷயம் தெரிந்துகொள்ளலாம். ஒன்று, நிறுத்தி வைத்த சைக்கிளில் பேட்டரியை ஆட்டிப் பார்த்து "டிஸ்ப்ளே அணையவில்லையே, தொடர்பு நன்றாக இருக்கிறது" என்று முடிவு கட்டக் கூடாது. மோட்டார் ஓடிக்கொண்டிருக்கும்போது ஆட்ட வேண்டும். இரண்டு, சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டர் நொடிக்கு இரண்டு மூன்று முறைதான் எண்ணை மாற்றும். மில்லி நொடி விடுபடல் அதன் கண்ணில் படவே படாது. மீட்டர் நிலையாகக் காட்டுகிறதே என்று ஏமாற வேண்டாம். இந்த வேலைக்கு ஓடும் மோட்டாரே மீட்டரை விட நல்ல காட்டி.

இன்னொரு சின்ன எச்சரிக்கை. விடுபடல் மிகவும் குறுகியதாக இருந்தால் மோட்டார் மட்டும் நின்று, டிஸ்ப்ளே தன் சொந்தக் கெபாசிட்டர் தயவில் தப்பித்துக்கொள்வதும் உண்டு. அப்போது பின்னொளி ஒரு முறை சிமிட்டும், அல்லது பேட்டரி கோடுகள் சட்டென்று காலியாகித் திரும்ப நிரம்பும். அப்படித் தெரிந்தால் டிஸ்ப்ளே எரிந்தாலும் அதைப் பேட்டரிப் பக்கக் கோளாறாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

சோதனைக்குத் தயாராவது

மோட்டார் இருக்கும் சக்கரம் தரையில் படாதபடி சைக்கிளைத் தூக்கி நிறுத்துங்கள். பின்சக்கர மோட்டார் என்றால் பின்சக்கரத்தைத் தூக்கி நிறுத்தும் ஸ்டாண்டு போதும், ஆனால் அசையாமல் நிற்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். தளர்ந்த சட்டை, கயிறு, விரல் எதுவும் ஸ்போக்குக்குப் பக்கத்தில் வேண்டாம். ஒருவர் த்ராட்டிலைப் பாதி அளவில் பிடித்திருக்க, இன்னொருவர் ஆட்டுவதுதான் வசதி. எந்தக் கனெக்டரைக் கழற்றினாலும் முதலில் சைக்கிளை அணைத்து, பேட்டரியை வெளியே எடுத்துவிட்டுச் செய்யுங்கள். கண்ட்ரோலரில் பேட்டரி மின்சாரமும், சென்சார்களுக்கான 5 வோல்ட்டும் அக்கம்பக்கமாக ஓடுகின்றன. பெரிய ஒயர் தவறிப்போய் சின்ன ஒயரைத் தொட்டால் அன்றோடு கண்ட்ரோலர் போச்சு.

அறிகுறி 1: மோட்டாரோடு டிஸ்ப்ளேயும் அணைகிறது

முதல் சந்தேகம் பேட்டரி உட்காரும் தொட்டிலின் மேல்தான். சட்டகக் குழாயில் மாட்டும் பேட்டரிகளில் தொட்டிலின் அடியில் தட்டையான செம்பு நாக்குகள் நீட்டிக்கொண்டிருக்கும். பேட்டரியின் அடியில் அவற்றைக் கவ்விப் பிடிக்கும் கவட்டை வடிவ ஸ்பிரிங்குகள் இருக்கும். சில மாடல்களில் இது மாறி இருக்கலாம். இந்தக் கவ்வலில்தான் முழு மின்சாரமும் கடக்கிறது. பேட்டரியின் எடையோ மூன்று நான்கு கிலோ. ஒவ்வொரு குழியிலும் அந்த எடை குலுங்குவதைப் பூட்டும் தொட்டிலும் பிடிக்க வேண்டும், செம்பு நாக்குகள் பிடிக்கக் கூடாது. பூட்டு நாக்கு தேய்ந்தோ, தொட்டிலின் திருகு தளர்ந்தோ இரண்டு மூன்று மில்லிமீட்டர் ஆட்டம் வந்துவிட்டால் அந்தச் சுமை தொடர்புகளின் மேல் விழுகிறது.

அப்புறம் நடப்பது ஒரு சுழற்சி. ஆட்டத்தில் தொடர்பு விடும்போது சின்னப் பொறி பறக்கும். பொறி பட்ட இடம் கருத்துக் குழி விழும். குழி விழுந்த இடத்தில் மின்தடை கூடும், மின்தடை கூடினால் சூடு ஏறும், சூட்டில் கவட்டையின் ஸ்பிரிங் விறைப்பு போய்விடும். விறைப்பு போன கவட்டை இன்னும் எளிதாக விடும். தேய்மானம் எந்த வேகத்தில் போகும் என்பதற்கு ஒரு கணக்கு: தொடர்பில் 0.1 ஓம் தடை ஏறியிருந்து 12 ஆம்பியர் ஓடினால் அங்கே 1.2 வோல்ட் இழப்பு, 14 வாட்டுக்கு மேல் சூடு. விரல்நகம் அளவு உலோகத்துக்கு அது மிக அதிகம். சுற்றியுள்ள பிளாஸ்டிக் இளகிப் போவதற்கு இதுவே காரணம்.

என் கையில் வந்த ஒரு சைக்கிளை வைத்துச் சொல்கிறேன். 48 வோல்ட், உள்ளே 13 செல் வரிசை, சட்டகக் குழாயில் மாட்டும் பேட்டரி. வேகத்தடையில் ஏறி இறங்கும்போது எல்லாம் அணைந்துவிடுகிறது என்பது புகார். உரிமையாளர் ஏற்கனவே த்ராட்டிலைப் புதிதாக மாற்றியிருந்தார், பலனில்லை. காரணம் நான் மேலே சொன்ன அதே வாதம்தான்: பிடித்தால் நிற்கிறது, விட்டால் நிற்கவில்லை.

பேட்டரி முழு சார்ஜில் 54.2 வோல்ட் காட்டியது. 13 செல் பேட்டரிக்கு முழு அளவு 54.6 என்பதால் அங்கே குறை ஒன்றுமில்லை. சும்மா நிறுத்தி வைத்து பேட்டரியை ஆட்டியபோது டிஸ்ப்ளே அசையவில்லை. சக்கரத்தைத் தூக்கி மோட்டாரைப் பாதி வேகத்தில் ஓடவிட்டு, பேட்டரியின் மேல் முனையை இடப்பக்கம் தள்ளினேன். சட்டென்று எல்லாம் அணைந்தது. வலப்பக்கம் தள்ளியபோது ஒன்றும் இல்லை. கீழ் முனையை அழுத்திப் பிடித்துக்கொண்டு மேலே ஆட்டினால் அப்போதும் இல்லை. இந்தத் திசை வித்தியாசம் முக்கியம். ஒரே திசையில் மட்டும் அணைகிறது என்றால் ஆட்டத்துக்கும் அணைவதற்கும் தொடர்பு உறுதி. எங்கேயோ ஒயர் அறுந்திருந்தால் இவ்வளவு ஒழுங்காகப் பதில் வராது.

பேட்டரியை வெளியே எடுத்துத் தொட்டிலுக்குள் டார்ச் அடித்துப் பார்த்தபோது, பாசிட்டிவ் நாக்கு பளபளப்பாக இருந்தது. நெகட்டிவ் நாக்கின் நுனியில் ஒரு பழுப்புப் புள்ளி, அதன் நடுவில் ஊசி குத்தியது மாதிரிக் குழி. அதைச் சுற்றியிருந்த பிளாஸ்டிக் மட்டும் கொஞ்சம் மினுமினுத்தது. பேட்டரியின் அடியில், அதே பக்கக் கவட்டை மற்றதைவிடக் கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு விரிந்திருந்தது. இதற்குமேல் ஆதாரம் வேண்டியதில்லை.

சரிசெய்வதில் மூன்று வேலை. முதல் வேலை தொடர்பைச் சுத்தம் செய்வது. நாக்கைத் தொட்டிலோடு வைத்தே காண்டாக்ட் கிளீனர் அல்லது ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த துணியால் துடைக்கலாம். முரட்டு உப்புத்தாள் வேண்டாம். மேல்பூச்சை உரித்துவிட்டால் உள்ளே இருக்கும் செம்பு சீக்கிரம் கறுக்கும். கருமை போகவில்லை என்றால் பென்சில் அழிப்பானால் தேய்த்தாலே பெரும்பாலும் போய்விடும். குழி ஆழமாக இருந்தாலோ, நாக்கின் நிறம் நீலம் கலந்து மாறியிருந்தாலோ சுத்தம் செய்து பயனில்லை, தொட்டிலின் தொடர்புப் பகுதியை மாற்றத்தான் வேண்டும். அது தனியாகவே கிடைக்கும்.

இரண்டாவது வேலை கவட்டையை இறுக்குவது. இங்கே கவனம் வேண்டும், ஏனென்றால் பேட்டரிப் பக்கத் தொடர்பில் எப்போதும் மின்சாரம் இருக்கிறது. அணைத்துவிட்டேன் என்பதெல்லாம் பல பேட்டரிகளில் பொருந்தாது. ஒரே நேரத்தில் இரண்டு கவட்டைகளையும் உலோகக் கருவி தொட்டால் பெரும் பொறி, தீக்காயம். கைப்பிடிக்குக் கீழேயும் டேப் சுற்றி, நுனி மட்டும் தெரியும் மெல்லிய குறடால், ஒவ்வொரு கவட்டையாக, மற்றதன் மேல் டேப் ஒட்டி மறைத்துவிட்டு மெல்ல அழுத்துங்கள். நாக்கை நுழைக்கும்போது லேசாக எதிர்ப்புத் தெரிந்தால் போதும். இதில் கைநடுக்கம் இருந்தால் செய்யாதீர்கள், தெரிந்தவரிடம் கொடுங்கள்.

மூன்றாவது வேலைதான் நிரந்தரத் தீர்வு. ஆட்டத்தை எடுக்காமல் தொடர்பை மட்டும் சுத்தம் செய்தால் சில வாரங்களில் அதே புகாரோடு சைக்கிள் திரும்ப வந்துவிடும். தொட்டிலைச் சட்டகத்தில் பிடிக்கும் திருகுகளை இறுக்கி, பேட்டரிக்கும் தொட்டிலுக்கும் நடுவில் மெல்லிய ரப்பர் அல்லது அடர்த்தியான ஃபோம் பட்டையை ஒட்டி, பூட்டும்போது கொஞ்சம் அழுத்தம் கொடுத்தால்தான் சாவி திரும்பும்படி செய்யுங்கள். அந்த சைக்கிளில் இரண்டு மில்லிமீட்டர் ரப்பர் பட்டை மேல் பகுதியில் வைத்ததும் ஆட்டம் முழுக்க நின்றது. கடைசியாக, தொடர்பின் மேல் மின்கடத்தா கிரீஸை லேசாகப் பூசினால் ஈரம் அண்டாது. அப்பிவிட வேண்டாம்.

தொட்டிலில் எல்லாம் நன்றாக இருந்தும் டிஸ்ப்ளே அணைகிறது என்றால், அடுத்து பேட்டரியிலிருந்து கண்ட்ரோலர் வரை ஒரே பாதையில் இருக்கும் மற்றவற்றைப் பார்க்க வேண்டும். பேட்டரியில் ஃபியூஸ் இருந்தால் அதை ஒருமுறை கழற்றிப் போடுங்கள். ஃபியூஸ் எரியாமல், அதன் பிடிப்பான் தளர்ந்திருப்பது வழக்கம். பிடிப்பான் பிளாஸ்டிக் நிறம் மாறியிருந்தால் அதுதான் ஆள். பேட்டரிச் சாவியைப் போட்டுவிட்டுச் சாவிக்கொத்தை ஆட்டிப் பாருங்கள். சில பேட்டரிகளில் சாவி முழு மின்சாரத்தையும் நேரடியாகக் கடத்துகிறது, கனமான சாவிக்கொத்து தொங்கினால் குழியில் தொடர்பு விடும்.

அப்புறம் கண்ட்ரோலர் பக்கத்து மஞ்சள் நிற எக்ஸ்டி60 வகைக் கனெக்டர். இதில் பொறுக்கிப் பார்க்க வேண்டியது இரண்டு இடம். முள்ளின் நடுவே கத்தியால் பிளந்தது மாதிரி ஓர் இடைவெளி இருக்கும், அது அழுந்திப்போயிருந்தால் பிடிமானம் குறையும். மெல்லிய பிளேடால் அதைக் கொஞ்சம் விரிக்கலாம், பேட்டரி கழற்றியிருக்கும்போது மட்டும். மற்றொன்று பின்பக்கச் சாலிடர். சுருங்கும் குழாயை நீக்கிவிட்டு ஒயரை மெல்ல இழுத்துப் பாருங்கள். சாலிடர் மங்கலாக, பொருபொருவென்று இருந்து ஒயர் அசைந்தால் அதுவே கோளாறு.

இத்தனையும் நன்றாக இருந்து, பேட்டரியைத் தனியாக வெளியே எடுத்து வைத்துக் கையால் தட்டும்போது உள்ளேயிருந்து ஏதோ அசையும் சத்தம் வந்தால், அல்லது தட்டத் தட்ட மீட்டரில் மின்னழுத்தம் பூஜ்யத்துக்குப் போய் வந்தால், கோளாறு பேட்டரிக்குள் இருக்கிறது. செல்களை இணைக்கும் நிக்கல் பட்டை விட்டிருக்கலாம், அல்லது உள் ஒயர் விட்டிருக்கலாம். அதைத் திறந்து பார்க்க வேண்டாம். விட்ட பட்டை பக்கத்துச் செல்லைத் தொட்டால் தீ. அந்த நிலையில் சார்ஜும் போடாதீர்கள். வீட்டுக்குள் வைக்காமல் ஒதுக்குப்புறமாக வைத்து, ஸ்பாட் வெல்டிங் வசதி உள்ள பேட்டரிப் பழுதுபார்ப்பவரிடம் கொடுங்கள். உப்பலோ, இனிப்பான கரைப்பான் வாசமோ இருந்தால் இன்னும் ஜாக்கிரதை.

பி.எம்.எஸ். என்னும் பேட்டரிப் பாதுகாப்புப் பலகையின் மேல் இந்தப் பழியைப் போட வேண்டாம். அது நிறுத்தினால் பெரும்பாலும் சுமை முழுக்க விலகும்வரை, சில சமயம் சார்ஜர் போடும்வரை, மின்சாரத்தைத் திரும்பத் தராது. மேலும் அது நிறுத்துவது ஏற்றத்தில், முழு த்ராட்டிலில், சார்ஜ் குறைந்த நேரத்தில். குழிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

அறிகுறி 2: டிஸ்ப்ளே எரிகிறது, த்ராட்டில் மட்டும் நிற்கிறது

பெடல் உதவி வசதி உள்ள சைக்கிள் என்றால் அதுவே ஒரு நல்ல சோதனைக் கருவி. அதே குழியில் த்ராட்டிலைத் தொடாமல் பெடல் மிதித்துப் போய்ப் பாருங்கள். பெடலில் தடையின்றி மோட்டார் ஓடி, த்ராட்டிலில் மட்டும் விட்டுப்போனால் கோளாறு த்ராட்டிலில் அல்லது அதன் ஒயரில். இரண்டிலும் விட்டுப்போனால் அடுத்த அறிகுறிக்குப் போங்கள்.

த்ராட்டிலுக்குள் இருப்பது ஒரு காந்தமும், அந்தக் காந்தத்தின் நகர்வை உணரும் ஒரு ஹால் சென்சாரும்தான். மூன்று ஒயர்: சிவப்பில் 5 வோல்ட், கறுப்பில் தரை எனப்படும் நெகட்டிவ், மூன்றாவதில் சிக்னல். மூன்றாவது ஒயரின் நிறம் பச்சையாகவோ வெள்ளையாகவோ இருக்கும். திருகாத நிலையில் சிக்னல் 0.8 முதல் 0.9 வோல்ட் வரை இருக்கும். முழுக்கத் திருகினால் சுமார் 3.6 முதல் 4.2 வரை ஏறும். கனெக்டரைக் கழற்றாமல் அதன் பின்பக்கம் மெல்லிய ஊசியை நுழைத்து, கறுப்பு மற்றும் சிக்னல் ஒயர்களுக்கு நடுவே மீட்டரை வைத்துப் பாருங்கள். ஊசிகள் ஒன்றையொன்று தொட்டுவிடக் கூடாது. மெதுவாகத் திருகும்போது எண் படிப்படியாக ஏற வேண்டும். நடுவில் ஒரு தாவல் இருந்தாலோ, ஒரே இடத்தில் தேங்கினாலோ காந்தம் விரிசல் விட்டிருக்கும், அல்லது இடம் நகர்ந்திருக்கும். த்ராட்டிலை மாற்றத்தான் வேண்டும்.

ஆனால் குழியில் மட்டும் தெரியும் கோளாறுக்குக் காரணம் பெரும்பாலும் உள்ளே இல்லை, ஒயரில் இருக்கிறது. ஹேண்டில்பார் திரும்பும்போது கேபிள் இழுபடும் இடம்தான் முதலில் தேயும். சக்கரத்தைத் தூக்கி மோட்டாரை மெதுவாக ஓடவிட்டு, ஹேண்டில்பாரை இரு பக்கமும் முழுக்கத் திருப்பிப் பாருங்கள். ஒரு ஓரத்தில் மோட்டார் தடுமாறினால், தண்டு மீதும் பிரேக் கேபிள்களோடு கட்டிய இடத்திலும் கேபிளை விரலால் பிடித்து அங்குலம் அங்குலமாக வளைத்துக்கொண்டே போங்கள். எந்த இடத்தில் மோட்டார் நிற்கிறதோ அங்கே உள்ளே ஒயர் முறிந்திருக்கிறது. மேலுறை முழுசாக இருந்தாலும் உள்ளே முறிவது சகஜம். அங்கே வெட்டி, புதிய ஒயர் ஒட்டி, ஒட்டிய இடங்கள் மூன்றும் ஒரே வரிசையில் வராமல் தள்ளித் தள்ளி வைத்துச் சுருங்கும் குழாய் போடுங்கள். திரும்பும்போது இழுபடாத அளவுக்குக் கேபிளில் தளர்வு விட்டுக் கட்டுங்கள், இல்லாவிட்டால் அதே இடத்துக்குப் பக்கத்தில் மறுபடியும் முறியும்.

மூன்று ஒயரில் எது விடுகிறது என்பதைப் பொறுத்து அறிகுறி மாறும். சிவப்போ சிக்னலோ விட்டால் மோட்டார் நிற்கும், அவ்வளவுதான். கறுப்பு, அதாவது தரை ஒயர் விட்டால் சிக்னல் 5 வோல்ட்டை நோக்கி ஏறிவிடும். நல்ல கண்ட்ரோலர்கள் 4.2 அல்லது 4.3-க்கு மேலே போனதும் கோளாறு என்று கண்டு மோட்டாரை நிறுத்தும். அந்தப் பாதுகாப்பு இல்லாதவற்றில் சைக்கிள் திடீரென்று முழு வேகத்தில் பாயும். குழியில் ஒரு முறை தானாகப் பாய்ந்தது என்று யாராவது சொன்னால் அந்தச் சைக்கிளை ஓட்டாமல் முதலில் கறுப்பு ஒயரைப் பாருங்கள். இன்னொன்று: சோதனைக்காக 5 வோல்ட்டையும் சிக்னலையும் நேராக இணைத்துப் பார்க்கும் பழக்கம் சிலருக்கு உண்டு. சாலையில் அதைச் செய்தால் கையில் நிறுத்தம் இல்லாத வண்டியில் உட்கார்ந்திருக்கிறீர்கள்.

சைக்கிளை எழுப்பும்போதே த்ராட்டில் சிக்னல் 1.1 வோல்ட்டுக்கு மேல் இருந்தால் பல கண்ட்ரோலர்கள் மோட்டாரை ஓடவே விடாது. கனெக்டருக்குள் ஈரம் புகுந்தால் சிவப்பிலிருந்து சிக்னலுக்கு மெல்லிய கசிவு வந்து இப்படி ஆகும். காயவைத்தால் சரியாகிவிடும். பின்பு மழை நாளில் மட்டும் தொல்லை என்றால் கனெக்டரின் ரப்பர் வளையத்தைப் பாருங்கள்.

அறிகுறி 3: த்ராட்டில், பெடல் இரண்டுமே விடுகின்றன, டிஸ்ப்ளே எரிகிறது

பிரேக் லிவரில் உள்ள தொடர்பறு சுவிட்ச் முதல் சந்தேகம். லிவரைத் தொட்டதும் மோட்டாரை நிறுத்துவது அதன் வேலை. பெரும்பாலானவை, லிவரை அழுத்தினால் இரண்டு ஒயரும் சேரும் வகை. லிவரின் ஸ்பிரிங் தளர்ந்து முழுக்கத் திரும்பாமல் நின்றால், குழியின் அதிர்வில் லிவர் இரண்டு மில்லிமீட்டர் அசைந்தாலே சுவிட்ச் 'பிரேக் போட்டார்' என்று சொல்லிவிடும். பிரேக் போட்டதும் டிஸ்ப்ளேயில் குறி தோன்றும் மாடல் என்றால் நீங்கள் எடுத்த வீடியோவில் அது குழியில் மின்னியிருக்கும்.

மேலே சொன்ன சைக்கிளுக்குத் திரும்பி வருகிறேன். பேட்டரி சரியான பிறகு அதில் புதிதாக ஒரு புகார் வந்தது: குழியில் மோட்டார் அரை நொடி நின்று தானாகத் தொடர்கிறது, டிஸ்ப்ளே அணையவில்லை. வீடியோவில் பிரேக் குறி தெளிவாக மின்னியது. சக்கரத்தைத் தூக்கி, பேட்டரியை எடுத்துவிட்டு வலது பிரேக் சுவிட்சின் கனெக்டரைக் கழற்றி, பேட்டரியை மட்டும் திரும்பப் போட்டு ஓடவிட்டேன். ஹேண்டில்பாரைத் தட்டியபோது தடை இல்லை. கனெக்டரைத் திரும்ப மாட்டியதும் தட்டலில் நின்றது. கோளாறு வலது லிவர். லிவரின் அச்சுத் திருகு இறுகி, லிவர் கடைசி ஒரு மில்லிமீட்டர் வெளியே வராமல் நின்றிருந்தது. அச்சைக் கொஞ்சம் தளர்த்தி எண்ணெய் விட்டதும் முடிந்தது.

பிரேக் சுவிட்சுகளை ஒரு நேரத்தில் ஒன்றுதான் கழற்ற வேண்டும், அதுவும் சக்கரம் காற்றில் இருக்கும்போது. எரிச்சலில் இரண்டையும் கழற்றிவிட்டு ஓட்டுகிறவர்கள் உண்டு. த்ராட்டில் ஒட்டிக்கொண்டால் பிரேக் மோட்டாரோடு மல்லுக்கு நிற்க வேண்டியிருக்கும்.

அறிகுறி 4: நிற்பதற்கு முன் மோட்டார் கடகடவென்று அதிர்கிறது

இது மோட்டார் கேபிள். மோட்டார் சக்கரத்துக்கு அருகில், அச்சிலிருந்து சிறிது தூரத்தில் தடித்த ஒன்பது முள் கனெக்டர் இருக்கும். அதில் மோட்டாரின் மூன்று பெரிய ஒயர்களும், ஹால் சென்சாரின் சின்ன ஒயர்களும் சேர்ந்து போகின்றன. ஹால் ஒயர் ஒன்று விட்டால் மோட்டார் எந்தப் பக்கம் இழுப்பது என்று தெரியாமல் உறுமும். பெரிய ஒயர் ஒன்று விட்டாலும் அப்படித்தான் அதிரும். டிஸ்ப்ளேயில் எண் மின்னினால் உங்கள் தயாரிப்பின் குறியீட்டுப் பட்டியலில் பாருங்கள். ஒரு நிறுவனத்தின் பட்டியல் இன்னொன்றுக்குப் பொருந்தாது.

அந்தக் கனெக்டரில் இரு பக்கமும் ஓர் அம்புக்குறி இருக்கும். இரண்டும் நேருக்கு நேர் வரும்படி வைத்துத் திருகாமல் நேராக அழுத்த வேண்டும். முழுக்க உள்ளே போயிருந்தால் மேலுறையில் உள்ள கோடு வரை மறைந்துவிடும். பஞ்சர் போடச் சக்கரத்தைக் கழற்றி மாட்டிய பிறகு இந்தத் தொல்லை தொடங்கினால், கனெக்டர் முழுக்க நுழையவில்லை, அல்லது முள் ஒன்று மடங்கியிருக்கிறது. மடங்கிய முள்ளை மெல்லிய குறடால் ஒரு முறை நிமிர்த்தலாம், இரண்டாவது முறை முறிந்துவிடும். கேபிள் அச்சிலிருந்து வெளியே வரும் இடத்தையும் பாருங்கள். அச்சு நட்டு தளர்ந்து அச்சு திரும்பியிருந்தால் அங்கே மேலுறை வெட்டுப்பட்டிருக்கும்.

சந்தேகம் தீரவில்லை என்றால் ஹால் சென்சாரை அளக்கலாம். பொத்தானை அழுத்திச் சைக்கிளை எழுப்பி, கறுப்பு ஒயருக்கும் மஞ்சள், பச்சை, நீலச் சின்ன ஒயர்களில் ஒவ்வொன்றுக்கும் நடுவே மீட்டரை வைத்து, சக்கரத்தை மிக மெதுவாகக் கையால் சுற்றுங்கள். பற்சக்கரம் உள்ள சிறிய மோட்டார் என்றால் பின்பக்கமாகச் சுற்ற வேண்டும், முன்பக்கம் சுற்றினால் உள் மோட்டார் திரும்பாது. மூன்றிலும் எண் பூஜ்யத்துக்கு அருகிலிருந்து 5-க்கு அருகே மாறி மாறித் தாவ வேண்டும். ஒன்று மட்டும் நகராமல் இருந்தால் அந்த ஒயரோ சென்சாரோ போய்விட்டது. மூன்றுமே நகரவில்லை என்றால் முதலில் சிவப்பில் 5 வோல்ட் வருகிறதா என்று பாருங்கள்.

எதைச் சரிசெய்தாலும், அதே குழிக்கு அதே வேகத்தில், முன்பு போலவே த்ராட்டிலைப் பாதி பிடித்துக்கொண்டு, யாரும் வராத நேரத்தில் ஓட்டிப் பாருங்கள். பேட்டரித் தொடர்பைச் சரிசெய்திருந்தால், ஏற்றம் ஒன்றில் பத்து நிமிடம் ஓட்டிவிட்டுப் பேட்டரியை எடுத்து, தொட்டிலின் நாக்குகளுக்கு ஓரமாக உள்ள பிளாஸ்டிக்கைத் தொட்டுப் பாருங்கள். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இளஞ்சூடாக இருந்தால் கவலையில்லை. ஒரு பக்கம் மட்டும் கை வைக்க முடியாத அளவுக்குச் சூடாக இருந்தால் அந்தப் பக்கக் கவட்டை இன்னும் கவ்வவில்லை, தொட்டிலை மாற்றும் நேரம் வந்துவிட்டது.